பி300 போஸ்டர் அப்ஸ்ட்ராக்ட்: 11 பேர், p = 0.03. இப்படியே அனுப்பலாமா?

பொருநை21
வணக்கம். பயோமெடிக்கல் இறுதியாண்டு. மாணவர் போஸ்டர் அமர்வுக்கு ஆங்கிலத்தில் 250 சொல்லுக்குள் அப்ஸ்ட்ராக்ட் கேட்டிருக்கிறார்கள். கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சாரம் கீழே தமிழில்; பி300 என்றால் அரிதாக வரும் ஒலியைக் கவனிக்கும்போது ஏறத்தாழ 300 மில்லிவிநாடி கழித்து எழும் மூளை அலை. ஈ.ஈ.ஜி. தெரிந்தவர்கள் எங்கே அடிபடும் என்று சொல்லுங்கள்.

> தலைப்பு: மனச்சுமை கூடும்போது செவிவழி பி300 குறைகிறது
>
> பதினான்கு மாணவர்களுக்கு 1000 ஹெர்ட்ஸ் ஒலிகளுக்கு நடுவே 20% அளவில் 2000 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கச் செய்து, அதை மனத்துக்குள் எண்ணச் சொன்னோம். ஒருமுறை ஒலி மட்டும், ஒருமுறை திரையில் வரும் எழுத்து இரண்டு எழுத்துக்கு முன் வந்ததா என்று பார்க்கும் 2-பேக் பணியும் சேர்த்து. ஒவ்வொரு நிலையிலும் 200 ஒலிகள், 1.5 விநாடி இடைவெளி. எட்டு சானல், 250 ஹெர்ட்ஸ், காதுமடல் ரெஃபரன்ஸ், 1–30 ஹெர்ட்ஸ் ஃபில்டர், ±75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய ட்ரயல்கள் நீக்கம். தலையின் பின்மேல் பகுதியிலுள்ள Pz மின்முனையில் 250–500 மில்லிவிநாடிக்குள் உச்சம் அளக்கப்பட்டது. இரட்டைப் பணியில் பி300 உச்சம் 1.9 மைக்ரோவோல்ட் குறைந்தது (p = 0.03), 28 மில்லிவிநாடி தாமதமாகவும் வந்தது. மனச்சுமை கவனத்தின் கொள்ளளவைக் குறைக்கிறது என்று இது நிரூபிக்கிறது.

மின்முனை
தம்பி, நான் ஆஸ்பத்திரியில ஈ.ஈ.ஜி. எடுக்கிறவன். ரிப்போர்ட்ல ஹைப்பர்வென்டிலேஷன் மூணு நிமிஷம், ஃபோட்டிக் ரெண்டும் பண்ணினீங்களான்னு இல்லையே? பேக்ரவுண்ட் ஆல்ஃபா எத்தனை ஹெர்ட்ஸ்னும் எழுதணும். ஃபில்டர் 1 ஹெர்ட்ஸ் நல்லதுதான், வேர்வை ட்ரிஃப்ட் எல்லாம் அடங்கிடும். எலக்ட்ரோடு இம்பீடன்ஸ் 5 கிலோஓமுக்குக் கீழ இருந்துச்சா?

பொருநை21
அண்ணே, இது நோயாளி ரிப்போர்ட் இல்லை. ஒலி வந்த நேரத்தை வைத்து ட்ரயல்களை அடுக்கிச் சராசரி எடுப்பது. இம்பீடன்ஸ் ஆரம்பத்தில் எல்லாருக்கும் 10 கிலோஓமுக்குக் கீழ் இருந்தது, நடுவில் சரிபார்க்கவில்லை.

குமரிக்கடல்
முதல் பிரச்சினை 11 பேர். 14 என்று ஆரம்பித்து தலைப்பில் 11 என்கிறீர்கள், அப்ஸ்ட்ராக்டில் அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள் என்பதே இல்லை. இரண்டாவது, பவர் அனாலிசிஸ் இல்லை. கிடைத்த விளைவின் அளவை வைத்துப் பவர் கணக்கிட்டு ஒரு வரி சேருங்கள், நடுவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

அலைவரிசை
மூன்று பேரைப் பற்றிச் சொன்னது சரி, கட்டாயம் எழுத வேண்டும். பவர் விஷயத்தில் பாதிதான் சரி. கிடைத்த விளைவையே திரும்பப் போட்டுக் கணக்கிடும் பவர், p மதிப்புக்கு வேறு சட்டை மாட்டியது போலத்தான். P சிறியதாக இருந்தால் அது பெரியதாக வரும், புதிதாக எதுவும் சொல்லாது. அதற்குப் பதில், 11 பேரை வைத்து 80% வாய்ப்போடு எவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பிடிக்க முடியும் என்று கேளுங்கள். ஒரே ஆளை இரண்டு நிலையிலும் ஒப்பிடும்போது, இருபக்கச் சோதனையில், அது, வித்தியாசத்தை அதன் பரவலால் வகுத்துக் கிடைக்கும் d கணக்கில், ஏறத்தாழ 0.94. d 0.5 அளவுள்ள வித்தியாசத்தைப் பிடிக்க 34 பேர் வேண்டும். இந்த ஆய்வு பெரிய வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும் கண்ணாடி என்று வாசிப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. பொருநை, ±75 நீக்கத்துக்குப் பிறகு ஒவ்வொரு நிலையிலும் எத்தனை அரிய ஒலி ட்ரயல்கள் மிஞ்சின? 200-இல் 20% என்றால் 40-தான் தொடக்கம்.

பொருநை21
அக்கா, சராசரி: ஒலி மட்டும் 24, இரட்டைப் பணி 38. ஒலி மட்டும் கேட்கும்போது கண் சிமிட்டல் நிறைய. 2-பேக் செய்யும்போது திரையை உற்றுப் பார்ப்பதால் சிமிட்டல் குறைவு. நீக்கப்பட்ட மூவரில் இருவருக்கு Pz தொடர்பு விட்டுப்போனது, ஒருவருக்கு ஒலி மட்டும் நிலையில் 9 ட்ரயல்தான் மிஞ்சியது.

அலைவரிசை
அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், உங்கள் முடிவின் எவ்வளவு பகுதி மூளையுடையது என்பது இதில்தான் நிற்கிறது.

உச்சம் என்றால் அந்த ஜன்னலில் எங்கே அதிகமோ அதை எடுக்கிறோம். சராசரிக்குப் பிறகும் மிச்சமிருக்கும் இரைச்சல் பி300-இன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உச்சத்தைத் தேடும் நிரல் இரைச்சல் மேலே தள்ளிய இடத்தைத்தான் பொறுக்கும். கீழே இழுத்த இடத்தை ஒருபோதும் பொறுக்காது. அதனால் இரைச்சல் எவ்வளவு அதிகமோ உச்சம் அவ்வளவு உயரம். இது ஒரு பக்கமாகவே சாயும் பிழை, ஆட்களைக் கூட்டினாலும் போகாது.

ஒரு ட்ரயலில் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 ட்ரயல் சராசரியில் அது 10/√24, அதாவது 2.0. 38 ட்ரயலில் 10/√38, 1.6. ஒலி மட்டும் நிலையில் இரைச்சல் அதிகம், எனவே அங்கே உச்சம் செயற்கையாக உயரும். நீங்கள் நிரூபித்ததாகச் சொல்லும் திசையும் அதே திசைதான். மனச்சுமையே இல்லாமல், கண் சிமிட்டல் வித்தியாசம் மட்டும் இருந்தால்கூட இந்த முறை உங்களுக்கு ‘பி300 குறைந்தது’ என்று கொஞ்சம் காட்டும்.

முழு 1.9-உம் இதனால் என்று சொல்லவில்லை. இரட்டைப் பணியில் பி300 குறைவது 1970களிலிருந்தே பல ஆய்வுக்கூடங்கள் கண்டது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. சோதித்துப் பாருங்கள்: ஒருவருடைய இரட்டைப் பணி தரவிலிருந்து 38-இல் 24-ஐ எதேச்சையாக எடுத்துச் சராசரியாக்கி உச்சம் அளவிடுங்கள். இதை 500 முறை செய்து அந்த உச்சங்களின் சராசரியைப் பாருங்கள்.

செங்காந்தள்
நான் செய்வது பி300 வைத்து எழுத்து தேர்ந்தெடுக்கும் மென்பொருள். எங்களுக்கு உச்சம் தேவையே இல்லை, கிளாசிஃபையர் எல்லா சாம்பிளையும் பார்த்துக்கொள்கிறது. பொருநை, நீங்களும் கிளாசிஃபையர் துல்லியம் கொடுக்கலாமே? 85% என்று போட்டால் போஸ்டரில் எடுப்பாக இருக்கும்.

அலைவரிசை
செங்காந்தள், உங்கள் கேள்வி வேறு, அவருடையது வேறு. அவர் இரண்டு நிலைகளில் அலை எவ்வளவு என்று கேட்கிறார். அதோடு, ட்ரயல் எண்ணிக்கையும் சிமிட்டலும் நிலைக்கு நிலை மாறுவதால், கிளாசிஃபையர் சிமிட்டலையே கற்றுக்கொண்டு நல்ல துல்லியம் காட்டும் அபாயம் இதில் இருக்கிறது.

பொருநை21
செய்து பார்த்தேன். நான்காவது நபர்: ஒலி மட்டும் உச்சம் 10.6 (24 ட்ரயல்), இரட்டைப் பணி 8.1 (38 ட்ரயல்). இரட்டைப் பணியில் 24 எடுத்து 500 முறை: 8.6. ஒரே தரவு, ட்ரயலைக் குறைத்ததற்கே அரை மைக்ரோவோல்ட் ஏறிவிட்டது. வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் இரண்டு நிலையிலும் 24-ஆக வெட்டிவிடச் சொன்னார்.

அலைவரிசை
வெட்டுவது செல்லும், ஆனால் நல்ல ட்ரயல் 14-ஐ வீணாக்குகிறீர்கள். இரண்டு படி சொல்கிறேன்.

ஒன்று, சிமிட்டல் ட்ரயலை எறியாமல் சிமிட்டலை மட்டும் கழியுங்கள். உங்களிடம் நெற்றியில் Fp1, Fp2 இருக்கிறதா? இருந்தால், கலந்து வரும் சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் ஐ.சி.ஏ. ஓட்டலாம். எட்டு சானலுக்கு எட்டுக் கூறுதான் வரும், தசை இரைச்சலையெல்லாம் அதில் பிரிக்க முடியாது. ஆனால் சிமிட்டல் பெரியது, பெரும்பாலும் ஒரே கூறாகப் பிரியும். அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள்.

இரண்டு, உச்சத்தை விட்டுவிட்டு 300–500 மில்லிவிநாடியின் சராசரி வீச்சை எடுங்கள். சராசரியில் இரைச்சல் மேலும் கீழும் தள்ளுவது ஒன்றையொன்று அடிக்கும். ட்ரயல் குறைந்தால் மதிப்பு தள்ளாடும், ஆனால் ஒரு பக்கமாகச் சாயாது.

```python
epochs.equalize_event_counts(["single/target", "dual/target"])
ev = epochs["single/target"].average()
w = ev.copy().pick("Pz").crop(0.30, 0.50)
print(w.data.mean() * 1e6)
```

முதல் வரி எண்ணிக்கையைச் சமமாக்கும், அது வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். சராசரி வீச்சுக்குக் கட்டாயமில்லை. கடைசி வரியில் பெருக்குவது, எம்.என்.ஈ. என்ற பைதான் நூலகம் எண்களை வோல்ட்டில் வைத்திருப்பதால்.

குமரிக்கடல்
300–500 ஏன்? 320–480 போட்டால் p இன்னும் நன்றாக வரலாம் என்று எல்லாரும் செய்வதுதானே.

அலைவரிசை
அதனால்தான் வித்தியாசத்தைப் பார்த்து ஜன்னலை வைக்கக்கூடாது. இரண்டு நிலைகளையும், எல்லா ஆட்களையும் சேர்த்து ஒரே சராசரி அலையாக்குங்கள். அதில் பி300 எங்கே எழுந்து எங்கே அடங்குகிறதோ அதை வைத்து ஜன்னலை முடிவு செய்து, பிறகு தொடாதீர்கள். எந்த நிலையில் அதிகம் என்பது அந்த அலையிலிருந்து தெரியாது, அதனால் நமக்குப் பிடித்த பக்கம் ஜன்னலை நகர்த்த வழியில்லை.

மின்முனை
சரி, நோயாளி இல்லைன்னு புரிஞ்சுது. ஆனா அந்த 1 ஹெர்ட்ஸ் ஃபில்டரை மாத்தாதீங்க. நாங்க டைம் கான்ஸ்டன்ட் 0.3 விநாடி வைப்போம், அது ஏறக்குறைய 0.5 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ போனா நம்ம ஊரு வெக்கையில கோடு மேல கீழ நீந்தும்.

அலைவரிசை
அண்ணே, வேர்வை பற்றி நீங்கள் சொன்னது நடப்பதுதான். ஸ்பைக், ஷார்ப் அலை பார்க்க 0.5 நன்றாக வேலை செய்யும். ஆனால் பி300 முன்னூறு நானூறு மில்லிவிநாடி நீளும் மெதுவான மேடு. 1 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் அந்த மேட்டையும் சேர்த்துச் சீவும்; சீவியதோடு நிற்காமல் மேட்டுக்கு முன்னாலும் பின்னாலும் இல்லாத பள்ளங்களை வரைந்துவிடும். பேஸ்லைன் −200 முதல் 0 வரை எடுக்கிறோம், அந்தப் பள்ளம் பேஸ்லைனுக்குள் விழுந்தால் எல்லா மதிப்பும் நகரும். இந்த வேலைக்கு 0.1 ஹெர்ட்ஸ்தான் வழக்கம்.

பொருநை, ஐ.சி.ஏ. மட்டும் 1 ஹெர்ட்ஸ் நகலில் ஓட்டுங்கள், அங்கே அது நன்றாகப் பிரியும். கிடைத்த கூறை 0.1 ஹெர்ட்ஸ் தரவிலிருந்து கழியுங்கள். வேர்வைக்கு ஃபில்டரைவிட மின்விசிறியும் குளிர்ந்த அறையும் நல்லது. பதிவு முடிந்துவிட்டதால் இனி அதற்கு வழியில்லை. ட்ரிஃப்ட் அதிகமுள்ள ட்ரயலை நீக்கத்தான் வேண்டும்.

மின்முனை
ஐ.சி.ஏ.க்கு ஒரு ஃபில்டர், அளக்க ஒரு ஃபில்டரா. அது எனக்குத் தெரியாது. நாங்க திரையில பார்த்து படிக்கிறதோட சரி.

பொருநை21
அந்த 28 மில்லிவிநாடி தாமதம்? அது வலுவான முடிவு என்று நினைத்தேன்.

அலைவரிசை
அதுதான் எனக்கு அதிகச் சந்தேகம். ஒலியை அனுப்புவதும் திரையில் எழுத்து வரைவதும் ஒரே மடிக்கணினியா?

பொருநை21
ஆமாம். ட்ரிக்கரும் அதிலிருந்தே.

அலைவரிசை
ட்ரிக்கர் போன நேரத்துக்கும் இயர்ஃபோனில் ஒலி வந்த நேரத்துக்கும் எப்போதும் ஒரு இடைவெளி உண்டு. அது மாறாமல் இருந்தால் இரண்டு நிலையும் சேர்ந்தே நகரும், ஒப்பீடு கெடாது. ஆனால் இரட்டைப் பணியில் கணினி திரையையும் வரைகிறது. அந்த நிலையில் மட்டும் ஒலி தாமதமாகப் போனால் உங்கள் 28 மில்லிவிநாடி மூளையுடையது அல்ல. ட்ரயலுக்கு ட்ரயல் மாறினால் சராசரி அலை பரவித் தட்டையாகும், உச்சம் தாழும். பாருங்கள், இதுவும் அதே திசை. 200 மில்லிவிநாடி அகல ஜன்னலின் சராசரிக்கு இந்தப் பரவல் அவ்வளவாக உறைக்காது.

அளக்கலாம். யார் தலையிலும் மாட்டாமல், போர்டை மட்டும் பேட்டரியில் வைத்து, இயர்ஃபோன் வெளியீட்டை ஒரு டயோடு, ஒரு கப்பாசிட்டர், பிறகு மின்தடைப் பிரிப்பான் வழியாக மில்லிவோல்ட் அளவுக்குக் குறைத்து ஒரு சானலில் கொடுங்கள். 250 ஹெர்ட்ஸில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி நேராகத் தெரியாது, அதற்குத்தான் டயோடு. ஒலி தொடங்கும் இடம் ஒரு படியாகத் தெரியும். இரண்டு நிலையிலும் நூறு ஒலி ஓட்டி, ட்ரிக்கருக்கும் படிக்கும் இடையே எவ்வளவு என்று பாருங்கள். ஆள் இணைந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

பொருநை21
லேபில் ஒரு டயோடு கிடைத்தது, அரைநாளில் முடிந்தது. ஒலி மட்டும்: 61 மில்லிவிநாடி, ±4. இரட்டைப் பணி: 74, ±15. தாமதத்தில் 13 கணினியுடையது. மீதி 15 மிஞ்சும், ஆனால் ±15 பரவலை வைத்து அதை நம்ப முடியவில்லை. தாமத வரியை எடுத்துவிட்டேன்.

மறுபகுப்பாய்வும் முடிந்தது. 0.1–30 ஹெர்ட்ஸ், சிமிட்டல் கூறு நீக்கம், பிறகு ±75. ட்ரயல் சராசரி இப்போது 35, 38. ஜன்னல் சேர்ந்த அலையிலிருந்து 310–510 என்று வந்தது, அதில் ட்ரிக்கர் தாமதமும் சேர்ந்தே இருக்கிறது. Pz சராசரி வீச்சு வித்தியாசம் 1.2 மைக்ரோவோல்ட், 95% இடைவெளி −0.1 முதல் 2.5, p = 0.066. ட்ரயல் போதாமல் போனவர் இப்போது 27 ட்ரயலோடு தேறுகிறார், ஆனால் மேலே சொன்ன எண்களில் அவரைச் சேர்க்கவில்லை.

0.05-ஐத் தாண்டிவிட்டது. இனி என்ன எழுதுவது?

குமரிக்கடல்
என் கருத்து: பழைய p = 0.03 திட்டமிட்ட பகுப்பாய்வு. முடிவைப் பார்த்த பிறகு முறையை மாற்றினால் அதுவும் தவறுதான், p எந்தப் பக்கம் போனாலும். முதலில் எழுதியதையே அனுப்புங்கள், குறைகளைப் போஸ்டரில் சொல்லுங்கள்.

அலைவரிசை
கொள்கை சரி. ஆனால் முதல் முறை ஒரு பக்கம் சாய்கிறது என்று அவரே அளந்து காட்டிவிட்டார். தெரிந்த பிறகும் அதை முதன்மை எண்ணாகப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. இரண்டையும் போடட்டும்: முதலில் உச்சம் வைத்து அளந்தோம், ட்ரயல் எண்ணிக்கை சமமில்லாததால் சராசரி வீச்சுக்கு மாறினோம், இரண்டிலும் கிடைத்தது இது. முப்பது சொல்லில் அடங்கும்.

நீக்கிய அந்த ஒருவரைச் சேர்ப்பதா என்பதில் எனக்கும் உறுதியில்லை. ட்ரயல் குறைவு என்ற விதியால்தான் அவர் போனார். அந்தக் காரணம் இப்போது இல்லை. சேர்த்தும் சேர்க்காமலும் என்ன வருகிறது என்று போஸ்டரில் சின்ன எழுத்தில் சொல்லலாம்.

குமரிக்கடல்
இரண்டு எண் போட்டால் நடுவர் நல்லதைத்தான் எடுத்துக்கொள்வார். நான் இன்னும் உடன்படவில்லை. எதை முதலில் போட்டாலும் “நிரூபிக்கிறது” என்ற சொல் போக வேண்டும், அதில் நமக்குள் சண்டையில்லை.

செங்காந்தள்
ஒரு கேள்வி. ஒலி மட்டும் நிலையில் திரையில் என்ன இருந்தது?

பொருநை21
நடுவில் ஒரு கூட்டல் குறி மட்டும். எழுத்துகள் இல்லை. பொத்தான் அழுத்துவதும் 2-பேக்கில் மட்டும்தான்.

செங்காந்தள்
அப்படியானால் இரண்டு நிலைக்கும் வித்தியாசம் சுமை மட்டும் இல்லையே. ஒன்றில் மாறும் எழுத்தும் விரல் அசைவும் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எழுத்துகளைக் காட்டி, எக்ஸ் வந்தால் மட்டும் அழுத்தச் சொல்லியிருந்தால் கண்ணும் கையும் சமமாகியிருக்கும்.

அலைவரிசை
நல்ல கேள்வி, நான் தவறவிட்டேன். எழுத்து வந்த நேரம் ஒலியோடு ஒட்டியிருந்ததா, தனியாக ஓடியதா?

பொருநை21
தனியாக. 2 முதல் 2.6 விநாடிக்குள் எதேச்சையான இடைவெளி. எந்த நிலை முதலில் என்பதை ஏழு பேருக்கு ஏழு பேர் மாற்றி வைத்தோம், நீக்கத்துக்குப் பிறகு 6, 5.

அலைவரிசை
அப்படியானால் எழுத்துக்கான மூளை அலை சராசரியில் பெரும்பாலும் கரைந்துவிடும், வரிசையும் சமம். ஆனால் சுமை, பார்வை, விரல் மூன்றும் பிரியாமல் கிடக்கின்றன. தரவை வைத்து இதைச் சரிசெய்ய முடியாது, சொல்லை வைத்துத்தான் முடியும். ‘மனச்சுமை’ இருக்கும் இடத்திலெல்லாம் ‘உடன் செய்யும் பார்வைப் பணி’ என்று வரட்டும்.

பொருநை21
இரண்டாம் வரைவு. ஆங்கிலத்தில் 231 சொல்.

> பதினான்கு பேரில் பதினொருவர் பகுப்பாய்வில் (இருவர் Pz தொடர்பு இழப்பு, ஒருவர் 15-க்குக் குறைவான ட்ரயல்)… முன்பு வைத்த உச்ச அளவீட்டில் வித்தியாசம் 1.9 மைக்ரோவோல்ட் (95% இடைவெளி 0.2 முதல் 3.6). ஆனால் சிமிட்டலால் ட்ரயல் எண்ணிக்கை சமமில்லாமல் போனது (24, 38). உச்ச அளவீடு அதனால் ஒரு பக்கம் சாயும். சிமிட்டலைத் திருத்தி, ஃபில்டரை 0.1 ஹெர்ட்ஸாக்கி, சராசரி வீச்சில் அளந்தபோது பார்வைப் பணியின்போது பி300 1.2 மைக்ரோவோல்ட் குறைவு (−0.1 முதல் 2.5; p = 0.066). திசை முந்தைய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. அளவு இந்த மாதிரியில் துல்லியமாகத் தெரியவில்லை. ஒலி மட்டும் நிலையில் எழுத்துகளும் பொத்தானும் இல்லாததால் பணிச்சுமையைத் தனியே பிரிக்க முடியாது.

குமரிக்கடல்
உச்ச எண்ணை முன்னால் வைத்தது நல்லது. இதை ஏற்கிறேன், முழு மனதோடு இல்லை.

மின்முனை
போஸ்டர்ல வெறும் பட்டை கிராஃப் போடாதீங்க தம்பி. அலையைப் போடுங்க, 11 பேரோடதும் மெல்லிசுக் கோட்டுல. அலையைப் பார்த்தாத்தான் எங்கள மாதிரி ஆளுக்கு நம்பிக்கை வரும்.

செங்காந்தள்
தலைப்பில் இன்னும் “மனச்சுமை கூடும்போது குறைகிறது” என்றுதான் இருக்கிறதா?

பொருநை21
இருக்கிறது. வழிகாட்டி அதை மாற்ற வேண்டாம் என்கிறார், எடுப்பாக இருக்கிறதாம். நாளை மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.